பாதிப் பங்குக்கு ஒத்துக்கொள்ளாத மரபணு

இத்தாலியின் தெர்னி நகரில் இருக்கும் ஓர் ஆய்வுக்கூடத்தில் ஆப்பிரிக்கக் கொசுக்களுக்காகவே சில அறைகள் கட்டப்பட்டன. உள்ளே வெப்பமும் ஈரப்பதமும் ஆப்பிரிக்காவில் இருப்பதுபோலவே இருக்கும். மாலை மங்குவதும் காலை விடிவதும் விளக்கால் நடக்கும். பெரிய வலைக்கூண்டுகளில் அனாபிலிஸ் காம்பியே என்ற மலேரியாக் கொசுக்கள் நூற்றுக்கணக்கில் வளர்ந்தன. ஆண்கள் அந்தியில் கூட்டமாகப் பறந்தன, பெண்கள் அந்தக் கூட்டத்துக்குள் புகுந்து இணைசேர்ந்தன, ரத்தம் குடித்தன, முட்டையிட்டன. பிறகு அந்தக் கூண்டுகளில் மரபணு மாற்றப்பட்ட ஆண் கொசுக்கள் சிலவற்றைச் சேர்த்தார்கள். மருந்து தெளிக்கவில்லை, புகை போடவில்லை. ஓர் ஆண்டுக்குள் அந்தக் கூண்டுகளில் ஒரு கொசுவும் மிஞ்சவில்லை. இந்தச் சோதனையின் முடிவுகள் 2021இல் வெளியாயின.

அந்த ஆண் கொசுக்கள் சுமந்து வந்ததற்கு ஜீன் டிரைவ் என்று பெயர். லண்டன் இம்பீரியல் கல்லூரியில் ஆந்திரேயா கிறிசாந்தி, டோனி நோலன் ஆகியோரின் குழு உருவாக்கியது. அதைக் கூண்டுக்கு வெளியே இன்றுவரை எங்கும் யாரும் விட்டதில்லை. விடலாமா என்ற விவாதம் மட்டும் பத்தாண்டுக்கு மேலாக நடக்கிறது. அந்த விவாதத்தில் இரு தரப்பிலும் சொல்லப்படுவதில் கொஞ்சம் தேவையில்லாத பயமும் கொஞ்சம் தேவையில்லாத நம்பிக்கையும் கலந்திருக்கின்றன. எது எங்கே நிற்கிறது என்று பார்க்க, முதலில் அந்த மரபணு என்ன செய்கிறது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

கொசுவுக்கும் நம்மைப் போலவே ஒவ்வொரு மரபணுவும் இரண்டு பிரதிகளாக இருக்கும். ஒன்று தாய் தந்தது, மற்றது தந்தை தந்தது. பிள்ளை பெறும்போது அந்த இரண்டில் ஒன்றுதான் அடுத்த தலைமுறைக்குப் போகும். எது போகும் என்பது தற்செயல். எனவே ஒரு புதிய மரபணுவை ஒரு பிரதியாகச் சுமக்கும் கொசுவின் குஞ்சுகளில் சராசரியாகப் பாதிக்குத்தான் அது கிடைக்கும். ஆய்வுக்கூடத்தில் செய்த மரபணுவைச் சுமக்கும் கொசு ஒன்றைக் காட்டில் விட்டால், அது கோடிக்கணக்கான கொசுக்களுக்கு நடுவே கரைந்துவிடும். அந்த மரபணு கொசுவுக்குச் சிறிது கெடுதல் செய்தால்கூடப் போதும், சில தலைமுறைகளில் தடம் தெரியாமல் போய்விடும். கொசுவுக்குக் கெடுதல் செய்யும் மரபணுவைத்தானே நாம் பரப்ப விரும்புகிறோம்? அதனால் இந்த வழி நெடுங்காலம் அடைபட்டே கிடந்தது.

ஆனால் இயற்கையிலேயே இந்தப் பாதிப் பங்கு விதியை மீறும் மரபணுக்கள் உண்டு. வீட்டு எலிகளில் ஒன்று இருக்கிறது. ஆண் எலியின் குட்டிகளில் பத்தில் ஒன்பதுக்கும் மேல் அது போய்ச் சேர்ந்துவிடும். ஈஸ்ட் பூஞ்சையில் இன்னொரு வகை இருக்கிறது. அது எதிர்ப் பிரதியை வெட்டிவிட்டு அந்த இடத்தில் தானே போய் உட்கார்ந்துகொள்ளும். அந்த உயிருக்கு நன்மை செய்யாமலேயே பரவும் தன்னல மரபணுக்கள் இவை. இம்பீரியல் கல்லூரியின் ஆஸ்டின் பர்ட் 2003இல் எழுதிய கட்டுரையில் ஒரு யோசனை சொன்னார்: ஈஸ்டில் நடப்பதைக் கொசுவிலும் நடக்கச் செய்து, நமக்கு வேண்டிய ஒரு மரபணுவையே வெட்டும்படி அமைத்தால் என்ன? யோசனை சரி, கருவி இல்லை. நினைத்த இடத்தில் டி.என்.ஏ.வை வெட்டும் கத்தரி அப்போது யாரிடமும் கிடையாது. 2012க்குப் பிறகு கிரிஸ்பர் தொழில்நுட்பம் வந்ததும் அந்தக் குறை தீர்ந்தது.

கிரிஸ்பரில் இரண்டு பொருள்கள் உண்டு. காஸ்9 என்ற புரதம் டி.என்.ஏ.வை வெட்டும். வழிகாட்டி ஆர்.என்.ஏ. என்ற சிறு இழை, எங்கே வெட்ட வேண்டும் என்பதைக் காட்டும். ஜீன் டிரைவில் இந்த இரண்டையும் உண்டாக்கும் மரபணுக்களையே, வெட்டப்பட வேண்டிய இடத்துக்குள் செருகிவிடுகிறார்கள். அப்படிப்பட்ட பிரதி ஒன்றும் இயல்பான பிரதி ஒன்றும் ஒரே கொசுவில் சேரும்போது, விந்தணுவும் முட்டையும் உருவாகும் செல்களில் கத்தரி வேலை செய்கிறது. இயல்பான பிரதி வெட்டுப்படுகிறது. வெட்டுப்பட்ட டி.என்.ஏ.வைச் செல் அப்படியே விட்டுவைக்காது, சரிசெய்யப் பார்க்கும். பாடம் எழுதாத பையன் பக்கத்து நோட்டைப் பார்த்து எழுதுவதுபோல, எதிரே இருக்கும் பிரதியைப் பார்த்து அது இடைவெளியை நிரப்புகிறது. எதிரே இருப்பது டிரைவ் பிரதி. ஆகவே கத்தரியும் வழிகாட்டியும் சேர்த்தே நகலாகின்றன. இப்போது இரண்டு பிரதிகளும் டிரைவ் பிரதிகள். அந்தக் கொசுவின் குஞ்சுகளில் பாதிக்கு அல்ல, ஏறக்குறைய எல்லாவற்றுக்கும் அது போகிறது. அடுத்த தலைமுறையிலும் இதேதான் நடக்கும்.

இதன் வேகத்தைக் கணக்குப் போட்டுப் பார்த்தால்தான் புரியும். ஓர் ஊரின் கொசுக்களில் அந்த மரபணுவின் நூறு பிரதிகளில் ஒன்று மட்டும் டிரைவ் பிரதி என்று வைத்துக்கொள்வோம். நகலெடுப்பு தவறாமல் நடக்கிறது, கொசுவுக்கு அதனால் பாதகம் எதுவும் இல்லை என்றும் கொள்வோம். அடுத்த தலைமுறையில் நூற்றுக்கு 2. பிறகு 4. பிறகு ஏறத்தாழ 8, 15, 27, 47, 72. எட்டாவது தலைமுறையில் 92. பாதிப் பங்கு விதிப்படி நடந்திருந்தால் எட்டாவது தலைமுறையிலும் நூற்றுக்கு ஒன்றாகவே இருந்திருக்கும். இந்தக் கொசுவின் ஒரு தலைமுறை வெப்பநாட்டில் சில வாரங்கள்தான். எட்டுத் தலைமுறைக்கு ஓர் ஆண்டுகூட ஆகாது. உண்மையில் கொசுவுக்குப் பாதகம் இருக்கும், வேகம் குறையும். ஆனாலும் போக்கு இதுதான்.

இந்த வண்டியில் எதை ஏற்றி அனுப்புவது என்பதில் ஆய்வாளர்கள் இரண்டு வழிகளில் பிரிந்தார்கள். ஒரு சாரார் கொசுவை விட்டுவிட்டு, அதன் உடம்பில் மலேரியாக் கிருமி வளராதபடி செய்ய விரும்புகிறார்கள். கலிஃபோர்னியாவில் ஆன்டனி ஜேம்ஸ், ஈதன் பீர் ஆகியோரின் குழுக்கள் 2015இல் காட்டியது இந்த வழி. இம்பீரியல் குழு கொசுவின் எண்ணிக்கையையே குறைக்கப் பார்க்கிறது. பெண் கொசுவின் கருவளத்துக்குத் தேவையான மரபணு ஒன்றை டிரைவ் உடைக்கும். ஒரு பிரதி உடைந்தால் பெண் ஓரளவு சமாளித்துக்கொள்ளும், இரண்டும் உடைந்தால் மலடு. ஆண்களுக்கு ஒன்றும் ஆகாது, அவை மரபணுவைச் சுமந்து பரப்பிக்கொண்டே இருக்கும்.

முதல் முயற்சி தோற்றது. எப்படித் தோற்றது என்பதில்தான் பின்னாளைய விவாதம் பாதி அடங்கியிருக்கிறது. 2016இல் பெண் கருவள மரபணுக்கள் மூன்றைக் குறிவைத்து டிரைவ் செய்தார்கள். குஞ்சுகளில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் அது போய்ச் சேர்ந்தது. கூண்டில் சில தலைமுறைகள் ஏறிக்கொண்டே போனது. பிறகு இறங்கத் தொடங்கியது. காரணத்தைத் தேடியபோது தெரிந்தது இது: வெட்டுப்பட்ட டி.என்.ஏ.வைச் செல் எப்போதும் எதிர்ப் பிரதியைப் பார்த்துச் சரிசெய்வதில்லை. சில சமயம் அவசரமாக இரு முனைகளையும் சேர்த்து ஒட்டிவிடும். ஒட்டும் இடத்தில் ஓரிரு எழுத்துகள் விழுந்துவிடும், அல்லது புதிதாகச் சேரும். அதன் பிறகு அந்த இடம் வழிகாட்டி ஆர்.என்.ஏ.வுக்கு அடையாளம் தெரியாது. கத்தரி அங்கே வேலை செய்யாது. அப்படி மாறிய மரபணு இன்னும் தன் வேலையைச் செய்யக்கூடியதாக இருந்துவிட்டால், அதைச் சுமக்கும் பெண் மட்டும் முட்டையிடும். சுற்றியிருக்கும் பெண்கள் எல்லாம் மலடாகும்போது அந்த ஒருத்தியின் பிள்ளைகள்தான் அடுத்த தலைமுறை. பூச்சிமருந்தை வென்ற அதே இயற்கைத் தேர்வு, டிரைவையும் வென்றது.

எனவே மாறவே முடியாத ஓர் இடத்தைத் தேடினார்கள். டபுள்செக்ஸ் என்ற மரபணு பூச்சிகளில் ஆண் பெண் உடலமைப்பைத் தீர்மானிக்கிறது. அதில் ஒரு துண்டு பெண்ணுக்கு மட்டுமே பயன்படும். ஆண் அதைத் தாண்டிப் போய்விடும். அந்தத் துண்டின் தொடக்கத்தில் இருக்கும் எழுத்துகள் அனாபிலிஸ் இனங்களில் ஒன்றுபோலவே இருக்கின்றன. ஆப்பிரிக்காவின் பல பகுதிகளில் பிடித்து மரபணு வரிசை எடுத்த 765 கொசுக்களில், அந்த இடத்தில் ஒரே ஓர் எழுத்து வேறுபாடுதான் கிடைத்தது, அதுவும் மிக அரிதாக. பல லட்சம் ஆண்டுகள் மாறாமல் இருந்த இடம் என்றால், மாறிய கொசு பிழைக்கவில்லை என்று பொருள். அங்கே வெட்டினால், தவறாக ஒட்டிக்கொண்ட பிரதியும் உடைந்த பிரதியாகவே இருக்கும், அதனால் தப்பிக்கும் பெண் தோன்றாது என்பது கணக்கு.

2018இல் இரண்டு கூண்டுகளில் சோதித்தார்கள். ஒவ்வொன்றிலும் இயல்பான பெண்கள் 300, இயல்பான ஆண்கள் 150, டிரைவை ஒரு பிரதியாகச் சுமந்த ஆண்கள் 150. பிரதிக் கணக்கில் எட்டில் ஒரு பங்கு. ஒரு கூண்டில் ஏழாவது தலைமுறையிலும் மற்றதில் பதினோராவதிலும் எல்லாக் கொசுக்களிலும் டிரைவ் இருந்தது. அதற்கடுத்து முட்டையே இல்லை. இரண்டு பிரதியும் உடைந்த பெண்கள் பாதி ஆண் போல உருவெடுத்திருந்தன. உணர்கொம்பு ஆண் கொசுவினுடையதுபோல இருந்தது, வாய்க்குழல் தோலைத் துளைக்க முடியாதபடி கோணிப்போயிருந்தது. கடிக்கவும் முடியாது, முட்டையிடவும் முடியாது. தவறாக ஒட்டிய பிரதிகள் இந்தக் கூண்டுகளிலும் தோன்றின. ஆனால் எதிர்பார்த்தபடி அவை யாரையும் காப்பாற்றவில்லை.

அறுநூறு கொசுவில் நடந்தது பல நூறு கோடியில் நடக்குமா என்பது வேறு கேள்வி. கோடியில் ஒன்றாக நிகழும் மாற்றம் கூண்டில் தென்படாது, ஒரு நாட்டின் அளவில் தென்பட்டே தீரும். அதனால்தான் ஒரே இடத்துக்குப் பதில் இரண்டு மூன்று இடங்களில் வெட்டும் டிரைவ்களைச் செய்ய முயல்கிறார்கள். மருந்துக்கு எதிர்ப்பு உண்டாகாமலிருக்க இரண்டு மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கும் அதே யோசனை.

இனி சூழலியல் பக்கம் வருவோம். பொதுக்கூட்டங்களில் முதலில் எழும் கேள்வி, கொசு அழிந்தால் அதைத் தின்னும் பறவையும் மீனும் என்ன ஆகும் என்பது. இந்தக் கேள்விக்குத்தான் ஓரளவு நல்ல பதில் இருக்கிறது என்பது என் எண்ணம். உலகில் சுமார் 3,500 கொசு இனங்கள் இருக்கின்றன. பேசப்படுவது அவற்றில் ஒன்றை, அல்லது அதன் நெருங்கிய உறவினர்கள் இரண்டு மூன்றைப் பற்றி. அனாபிலிஸ் காம்பியே பெரும்பாலும் மழைக்குப் பின் வெயில் படும் சிறு குட்டைகளிலும், மாட்டுக் குளம்புத் தடங்களில் தேங்கும் நீரிலும் முட்டையிடும். அவை சில நாளில் வற்றிவிடும். அத்தகைய நீரில் மீன் கிடையாது. வௌவால், தும்பி, சிலந்தி எல்லாம் இதைத் தின்னும், ஆனால் இதை மட்டுமே நம்பி வாழும் உயிர் எதுவும் இல்லை என்பதுதான் 2019இல் வெளியான விரிவான ஆய்வுத் தொகுப்பின் முடிவு. மிக அருகில் வருவது விக்டோரியா ஏரிக்கரையில் வாழும் ஒரு தாவும் சிலந்தி. ரத்தம் குடித்த அனாபிலிஸ் பெண்ணைத் தேடிப் பிடிப்பதில் அதற்கு அலாதி விருப்பம். நம் ரத்தத்தை இரண்டாம் கையாகக் குடிக்கும் அந்தச் சிலந்திகூட வேறு பூச்சிகளையும் தின்று பிழைக்கக்கூடியது.

அதைவிடக் கனமான கேள்வி, காலியாகும் இடத்தில் யார் வந்து அமர்வார்கள் என்பது. இதற்கு நிஜமான முன்னுதாரணம் இருக்கிறது. 1950களின் பிற்பாதியில் கென்யா, தான்சானியா எல்லையில் பாரே–தவேட்டா பகுதியில் வீட்டுச் சுவர்களில் டீல்ட்ரின் என்ற பூச்சிமருந்தைத் தொடர்ந்து தெளித்தார்கள். வீட்டுக்குள் மனிதரைக் கடித்துவந்த அனாபிலிஸ் ஃபூனெஸ்டஸ் ஏறத்தாழ மறைந்தது. அந்த இடத்தில் அதன் உறவினமான ரிவுலோரம் பெருகியது. நல்லவேளையாக ரிவுலோரம் மாட்டைக் கடிப்பதையே பெரிதும் விரும்பும், மலேரியாவைப் பரப்புவதில் மட்டம். அங்கே இடமாற்றம் மனிதருக்குச் சாதகமாக அமைந்தது. எங்கும் அப்படி அமையும் என்று சொல்ல முடியாது. காம்பியே குறைந்த இடத்தில் வெளியே திரிந்து மாட்டையும் மனிதரையும் கடிக்கும் அராபியென்சிஸ் பெருகினால், கொசுவலைக்குள் தூங்குவதன் பயன் குறையும். அராபியென்சிஸுக்கும் காம்பியேக்கும் இடையே எப்போதாவது கலப்பு நடக்கிறது என்பதால், டிரைவ் ஓர் இனத்திலிருந்து அடுத்ததற்குப் போகவும் கூடும். திட்டக்காரர்கள் இதைப் பக்கவிளைவாக அல்ல, வேண்டிய விளைவாகவே பார்க்கிறார்கள். அந்த மூன்று நான்கு உறவினங்களுமே மலேரியாவைப் பரப்புபவைதான்.

என்னை இவற்றைவிட யோசிக்கவைப்பது, பாதியில் நின்றுபோனால் என்ன ஆகும் என்பது. மலேரியா நிறைந்த ஊரில் வளரும் ஒருவருக்கு, மீண்டும் மீண்டும் தொற்றி ஓரளவு தடுப்பாற்றல் வந்துவிடும். அதனால்தான் அங்கே இறப்பவர்களில் பெரும்பாலோர் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள். டிரைவ் பத்தாண்டு வெற்றிகரமாக வேலை செய்து, பிறகு எதிர்ப்பு மரபணு ஒன்று தோன்றிக் கொசு திரும்பிவந்தால், தடுப்பாற்றலே இல்லாத ஒரு தலைமுறையை அது சந்திக்கும். ஓய்ந்த மலேரியா எப்படித் திரும்பும் என்பதற்கு இலங்கை பாடம். டி.டி.டி. தெளித்து 1963இல் நோயாளிகளின் எண்ணிக்கையை வெறும் 17க்குக் கொண்டுவந்தார்கள். தெளிப்பது தளர்ந்தது. 1968–69 கொள்ளைநோயில் ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் படுத்தார்கள். பிறகு டி.டி.டி.யும் முன்போல வேலை செய்யவில்லை. இலங்கை மலேரியாவிலிருந்து விடுபட்டதாக உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது 2016இல்தான்.

எதிர்ப்பக்கத்தில் வைக்க வேண்டிய கணக்கும் உண்டு. 2023இல் மலேரியாவால் இறந்தவர்கள் கிட்டத்தட்ட ஆறு லட்சம் பேர், அவர்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேர் ஆப்பிரிக்காவில். மருந்து தோய்த்த கொசுவலைகளால் பல ஆண்டுகள் குறைந்துவந்த இறப்பு, கடந்த பத்தாண்டில் ஏறக்குறைய அதே இடத்தில் நிற்கிறது. கொசுக்கள் அந்த மருந்துகளைத் தாங்கப் பழகிவிட்டன. வெளியே விட்டால் என்ன ஆகும் என்று கேட்பவர், விடாமலிருப்பதற்கும் ஒரு விலை இருக்கிறது என்பதையும் சேர்த்துத்தான் எடைபோட வேண்டும். மலேரியா இல்லாத நாட்டில் உட்கார்ந்து எழுதப்படும் சில எதிர்ப்புக் கட்டுரைகளில் இந்தப் பக்கம் மெலிந்தே இருக்கிறது.

ஆனால் எதிர்ப்பவர்களிடம் வலுவான வாதம் ஒன்று இருக்கிறது, அது சூழலியலைவிடச் செய்முறை சார்ந்தது. புதிய மருந்தை முதலில் இருபது பேரிடம், பிறகு இருநூறு பேரிடம், பிறகு சில ஆயிரம் பேரிடம் சோதிப்போம். தவறினால் நிறுத்திவிடலாம். டபுள்செக்ஸ் டிரைவை ஒரு கிராமத்தில் மட்டும் சோதிக்க முடியாது. அது பரவுவதற்கென்றே செய்யப்பட்டது. மாலி நாட்டில் பலூன்களில் வலை கட்டி, தரையிலிருந்து 40 முதல் 290 மீட்டர் உயரத்தில் கொசு பிடித்தார்கள். காற்றோடு போகும் அனாபிலிஸ்கள் கிடைத்தன. அவற்றில் பெரும்பாலானவை பெண்கள், பலவும் ரத்தம் குடித்து முட்டையுடன் இருந்தவை. ஓர் இரவில் நூறு கிலோமீட்டருக்கு மேல் அவை போகக்கூடும் என்பது 2019இல் வெளியான அந்த ஆய்வின் கணிப்பு. அப்படியிருக்க, முதல் களச் சோதனையே கிட்டத்தட்ட இறுதி வெளியீடு ஆகிவிடுகிறது.

திரும்பப் பெறும் வழியும் ஆராயப்படுகிறது. கத்தரியை முடக்கும் புரதம் ஒன்றைச் சுமக்கும் கொசுக்களை 2021இல் உருவாக்கினார்கள். கூண்டில் அவை டிரைவைத் தடுத்து நிறுத்தின, கொசுக் கூட்டம் அழியாமல் தப்பியது. ஆனால் அது பரவலை நிறுத்துமே தவிர, பழைய நிலையை அப்படியே மீட்டுத் தராது. கொசுக்களில் இப்போது இரண்டு அயல் மரபணுக்கள் இருக்கும். எம்.ஐ.டி.யின் கெவின் எஸ்வெல்ட், கிரிஸ்பர் கொண்டு இப்படிச் செய்யலாம் என்று 2014இல் விளக்கியவர்களில் ஒருவர். தானாகப் பரவிக்கொண்டே போகும் டிரைவை வனவிலங்குப் பாதுகாப்புக்குப் பயன்படுத்தக் கூடாது என்று பின்னர் எச்சரித்தவரும் அவர்தான். சில தலைமுறைகளில் தானாக ஓய்ந்துவிடும் டிரைவ்களைச் செய்வதில் இப்போது பலர் ஈடுபட்டிருக்கிறார்கள். ஓய்ந்துபோவதால் அவற்றை மீண்டும் மீண்டும் விட வேண்டியிருக்கும், செலவு கூடும்.

இதையெல்லாம் உணர்ந்து டார்கெட் மலேரியா என்ற கூட்டமைப்பு படிப்படியாகப் போக நினைத்தது. இம்பீரியல் கல்லூரியுடன் ஆப்பிரிக்க ஆய்வு நிறுவனங்கள் சேர்ந்தது அது. கேட்ஸ் அறக்கட்டளையிடமிருந்து பெரும் பகுதி நிதி. 2019 ஜூலையில் புர்கினா ஃபாசோவின் பானா கிராமத்தில் மரபணு மாற்றப்பட்ட மலட்டு ஆண் கொசுக்கள் சுமார் 6,400ஐ விட்டார்கள். டிரைவ் எதுவும் கிடையாது, பிள்ளையும் கிடையாது. விட்டவை செத்ததோடு சரி. ஆய்வாளரும் அரசும் ஊராரும் இந்தக் காரியத்துக்குப் பழக வேண்டும் என்பதே நோக்கம். அடுத்த படியாக 2025 ஆகஸ்ட் 11 அன்று சூருகூதிங்கான் கிராமத்தில் வேறு வகை ஆண்களை விட்டார்கள். இவற்றின் விந்தில் எக்ஸ் குரோமோசோம் துண்டாகிவிடும், எனவே குஞ்சுகளில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கு மேல் ஆண்களாகவே பிறக்கும். ஆனாலும் அந்த மரபணு பாதிப் பங்கு விதிக்குக் கட்டுப்பட்டது. சில தலைமுறைகளில் கரைந்துவிடும்.

அதே மாதத்திலேயே, சில நாள் இடைவெளியில், அரசு எல்லாவற்றையும் நிறுத்தியது. ஆய்வுக்கூடங்கள் மூடப்பட்டன, மாதிரிகளை அழிக்க உத்தரவானது. அதற்கு முன் பல மாதங்களாக உள்நாட்டுக் குடிமக்கள் அமைப்புகள் எதிர்த்து வந்தன. வெளிநாட்டுப் பணத்தில் எங்கள் உடலில் சோதனையா என்ற கேள்வி சமூக ஊடகங்களில் சுற்றியது. பத்தாண்டுக்கு மேல் அந்நாட்டு விஞ்ஞானிகளே ஊர் ஊராகப் போய்ப் பேசி வளர்த்த வேலை அது. நின்றதோ ஜீன் டிரைவ் அல்ல, அதற்கு முந்தைய படியான, தானாக மறைந்துவிடும் ஒன்று.

இந்தியாவுக்கு இந்தக் கதை புதிதல்ல. உலக சுகாதார நிறுவனமும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சேர்ந்து, அமெரிக்க நிதியில், கொசுவை மரபணு வழியில் கட்டுப்படுத்த டெல்லியில் ஒரு பிரிவு நடத்தின. டெல்லியைச் சுற்றிய கிராமங்களில் மலட்டு ஆண் கொசுக்களை விட்டுப் பார்த்தார்கள். ஹரியானாவின் சோனிபட்டில் ஏடிஸ் கொசுக்களைப் பெரிய அளவில் விடத் திட்டமிட்டிருந்தபோது, 1974இல் பத்திரிகைகளில் குற்றச்சாட்டு எழுந்தது: மஞ்சள் காய்ச்சலைப் பரப்பும் கொசுவை அமெரிக்கர்கள் இங்கே ஏன் ஆராய வேண்டும்? இது உயிரி ஆயுத ஆராய்ச்சியா? உலக சுகாதார நிறுவனம் மறுத்தது. விஷயம் நாடாளுமன்றப் பொதுக் கணக்குக் குழுவரை போனது. சோனிபட் வெளியீடு கடைசி நேரத்தில் கைவிடப்பட்டது, 1975இல் அந்தப் பிரிவே மூடப்பட்டது. குற்றச்சாட்டு உண்மையா என்பதைவிட, அறிவியல் விவரம் யாருக்கும் புரியும்படி முன்கூட்டியே சொல்லப்படாததுதான் அதைச் சாய்த்தது என்று எனக்குத் தோன்றுகிறது.

அனுமதி தருவது யார் என்ற கேள்விக்குச் சர்வதேசச் சட்டத்தில் தெளிவான விடை இல்லை. உயிரியல் பன்மய உடன்படிக்கையின் உறுப்பு நாடுகள் 2018இல் எகிப்தின் ஷார்ம் அல்-ஷேக்கில் கூடியபோது, முழுத் தடை வேண்டும் என்ற கோரிக்கையை ஏற்கவில்லை. ஒவ்வொரு திட்டத்தையும் தனித்தனியே ஆபத்து ஆய்வு செய்ய வேண்டும், பாதிக்கப்படக்கூடிய பழங்குடி மக்களிடமும் உள்ளூர்ச் சமூகங்களிடமும் முன்கூட்டியே இசைவு பெற வேண்டும் என்று முடிவெடுத்தார்கள். ஆனால் காற்றோடு போகும் கொசுவின் உள்ளூர் எது? ஒரு கிராமம் சரி என்று சொல்லி, எழுபது கிலோமீட்டருக்கு அப்பால் வேறு நாட்டுக் கிராமம் வேண்டாம் என்று சொன்னால் என்ன செய்வது என்பதற்கு அந்த முடிவில் வழி இல்லை.

இது நம் கடற்கரையைத் தொடும் இடமும் ஒன்று உண்டு. சென்னை போன்ற நகரங்களில் மலேரியாவைப் பரப்புவது அனாபிலிஸ் ஸ்டீபன்சி. மாடித் தண்ணீர்த் தொட்டியிலும் கிணற்றிலும் வளரும் கொசு. இது 2012இல் ஆப்பிரிக்காவின் ஜிபூட்டித் துறைமுகத்தில் தென்பட்டது. அந்த ஆண்டு அந்நாட்டில் மலேரியா நோயாளிகள் 27 பேர். 2020இல் எழுபத்து மூவாயிரம். பிறகு எத்தியோப்பியா, சூடான், நைஜீரியா. இலங்கை மலேரியா இல்லாத நாடு என்று சான்று பெற்ற அதே 2016இன் இறுதியில் மன்னாரின் கிணறுகளிலும் கிடைத்தது. கலிஃபோர்னியக் குழு 2015இல் முதன்முதலாக டிரைவ் செய்து காட்டியதும் இந்த ஸ்டீபன்சியில்தான். ஆப்பிரிக்காவில் இது அண்மையில் வந்த அந்நியன் என்பதால், அங்கே இதை ஒழிப்பதற்குச் சூழலியல் ஆட்சேபம் குறைவு. மன்னாரிலும் அப்படியே. ஆனால் ஆப்பிரிக்காவுக்கு இந்தக் கொசுவைக் கொண்டுபோனது கப்பல் என்றே கருதப்படுகிறது, கப்பல் திரும்பியும் வரும். ஜிபூட்டிக்காகச் செய்த டிரைவ் ஒன்று மும்பையிலோ தூத்துக்குடியிலோ இறங்கினால், அது இந்தக் கொசுவின் பூர்விக நிலத்துக்குள் வந்துவிட்டது என்று பொருள். அதற்கான அனுமதியை ஜிபூட்டி அரசு கேட்க வேண்டியது டெல்லியிடமா, மன்னாரை ஆளும் கொழும்பிடமும் சேர்த்தா என்பதை இப்போதைய உடன்படிக்கைகள் எதுவும் தீர்த்துவைக்கவில்லை.